இரண்டு முப்பத்தொன்றுக்கு வந்த போன்

அலுவலகத்தில் அவளுக்கு ‘நிமிஷக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்கலாம். வீட்டில் பால் பொங்குவதற்கும் கணவன் வாசல் தாண்டுவதற்கும் மணி சொல்கிறவள். “இவ சாகும்போதும் கடிகாரத்தைப் பாத்து நேரம் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடுவா” என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளும் கூடவே சிரிப்பாள். உள்ளுக்குள் அது பெருமைதான்.

இருபத்திரண்டு வருடங்களாக, எந்த ஆபத்து வந்தாலும் கட்டுப்பாட்டு அறையின் முடிவுப் பதிவேடு அவள் கையில்தான். பக்க எண் அச்சிட்ட கனத்த நோட்டு. நேரம், தகவல், சொன்னவர், எந்த வழியாக வந்தது, எடுத்த முடிவு, காரணம், யார் செய்வது, முடிந்ததா என்று கட்டங்கள். ரப்பர் தொடக்கூடாது. பிழையென்றால் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்து. விட்டுப்போனதைப் பிறகு எழுதினால் ‘தாமதப் பதிவு’ என்று போட்டு, எழுதும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். கூட்டம் தொடங்கும்முன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிடுவாள். ஒரு அறைக்கு ஒரே கடிகாரம். அது சுவரில் இருப்பது.

அன்று மதியம் ஒரு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. வானம் அவ்வளவு இறங்கி நின்றது. மழைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி முணுமுணுத்தது. அணை நிரம்பிக்கொண்டிருந்தது. மதகைத் திறந்தே ஆக வேண்டும். ஆனால் அணைக்குக் கீழே, ஆற்றோரப் பம்ப் ஹவுஸில் இரண்டு பேர் பணியில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி.

2:14. கட்டுப்பாட்டு அறைத் தலைவர் சொன்னார், அவள் எழுதினாள்: ‘பம்ப் ஹவுஸ் ஆட்கள் இருவரும் மேட்டு ரோட்டுக்கு வர வயர்லெஸ்ஸில் உத்தரவு. வந்துவிட்டதாக உறுதி கிடைக்கும்வரை மதகு திறப்பதில்லை.’ பதிலாக ஒரே ஒரு “சரி” வந்தது. அதன் பிறகு வயர்லெஸ்ஸில் இரைச்சல்தான்.

2:16. அவள் ஒரு சீட்டில் எழுதித் தலைவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“வேற ஆளை உட்கார வைக்கட்டுமாம்மா?”

“வேண்டாம் சார். என் கை நிக்கும்.”

அதையும் எழுதினாள்: ‘பதிவாளரின் தம்பி பம்ப் ஹவுஸில். தலைவருக்குத் தெரிவிக்கப்பட்டது.’ பேனா நடுங்கவில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தகவல் வந்தது. பாலத்தில் மரம் விழுந்தது, பள்ளிக்கூடம் காலியானது, இல்லை, பாதிதான் காலியானது, இப்போது முழுதும். எல்லாம் நேரத்தோடு கட்டத்தில் ஏறியது.

2:31. மூலையில் இருந்த போன் அடித்தது. வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கிய தொலைபேசி எழுத்தர் எடுத்தார். கேட்டுவிட்டு, எண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு உரக்கச் சொன்னார்: “பம்ப் ஹவுஸ் லேண்ட்லைன் சார். ரெண்டு பேரும் மேட்டு ரோட்டுக்கு வந்துட்டாங்களாம்.”

அறை மூச்சுவிட்டது. அவளும் விட்டாள். விட்ட மூச்சோடு எழுதினாள்.

2:33. ‘மதகு 2:45க்குத் திறக்க முடிவு. காரணம்: 2:31 தகவல். சைரன் உடனே.’ வெளியே சைரன் ஊளையிடத் தொடங்கியது.

2:14 பதிவின் எதிரே ‘முடிந்தது’ கட்டத்தை நிரப்பப் பக்கத்தைத் திருப்பினாள். எந்தத் தகவலால் முடிந்தது என்று எழுதுவது அவள் வழக்கம். 2:31 வரியில் விரலை வைத்தாள். எந்த வழியாக: பம்ப் ஹவுஸ் லேண்ட்லைன்.

விரல் அந்த இடத்திலேயே குளிர்ந்து போனது. அந்தப் போன் பம்ப் ஹவுஸ் சுவரில் ஆணியடித்து மாட்டியது. மேட்டு ரோட்டில் நிற்கிறவன் அதில் எப்படிப் பேசுவான்?

2:36.

“சார், ஒரு நிமிஷம். படிச்சுக் காட்டணும்.”

“அரை மணிக்கு ஒருதடவைதானேம்மா படிப்பீங்க?”

“முடிவுக்கு எழுதின காரணம் இடிக்குது சார்.” 2:14, 2:31, 2:33 மூன்று வரிகளையும் ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் படித்தாள்.

அணைப் பொறியாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அக்காவுக்குத் தம்பி மேல பாசம். அதுக்காக அணையை உடைய விடுறதா?”

“பாசம் இருக்கு சார். அதை 2:16லயே எழுதிட்டேன். இப்ப படிச்சது பாசம் இல்ல, லேண்ட்லைன்.”

தலைவர் ரேடியோவைப் பார்த்தார். “நம்பர் சரியாப் பாத்தியாய்யா?”

“ரெண்டு தடவை பாத்தேன் சார். குரல்தான்...” ரேடியோ எச்சில் விழுங்கினார். “கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சு.”

“அணை எவ்வளவு நேரம் தாங்கும்?” தலைவர் பொறியாளரிடம் கேட்டார்.

பொறியாளரின் குரல் தணிந்தது. “இன்னும் பதினாறு சென்டிமீட்டர் இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு மூணு ஏறுது. மூணு அஞ்சு வரைக்கும் பொறுக்கலாம். அதுக்கு மேல ஒரு நொடி கேக்காதீங்க.”

2:38. ‘2:33 முடிவு நிறுத்தம். தீயணைப்புப் படகு பம்ப் ஹவுஸுக்கு. மதகுக்குக் கடைசி நேரம் 3:05.’

அந்தப் பத்தொன்பது நிமிடங்களை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் பதில் பதிவேட்டில்தான் இருக்கிறது. பதினோரு பதிவுகள். சிறுவயதில் காய்ச்சலில் தன் மடியில் கிடந்தவன் நினைவுக்கு வந்தான். அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

2:57. படகிலிருந்து செய்தி: ‘இருவரும் கூரை மேல். ஏற்றிவிட்டோம்.’

3:02. ‘இருவரும் மேட்டு ரோட்டில். தீயணைப்பு அதிகாரி நேரில் பார்த்து உறுதி.’

3:03. மதகு திறந்தது.

எழுத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. அதைச் சுற்றி வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

3:07. மூலைப் போன் அடித்தது. எண்ணைப் பார்த்த ரேடியோ கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பம்ப் ஹவுஸ் லேண்ட்லைன். யாரும் அசையவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில், கூட்டம் முடியும்வரை எழுந்திருக்கவே கூடாத அவள்தான் எழுந்து போய் எடுத்தாள்.

முதலில் தண்ணீர் ஓடும் சத்தம். அதற்குள்ளிருந்து களைத்த ஆண்குரல்.

“எல்லாரும் ஏறிட்டாங்களா?”

“ஏறிட்டாங்க.”

“சரிம்மா.” இணைப்பு அறுந்தது.

மாலையில் போர்வை போர்த்திய தம்பி வந்து நின்றான். கட்டிக்கொண்டு அழுது தீர்த்த பிறகு கேட்டாள்: “ஏன்டா, கூரை மேல இருந்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டோம்னு எதுக்குடா போன்ல பொய் சொன்ன?”

“போனா?” அவன் விழித்தான். “உத்தரவு வந்து கதவைத் திறந்தா வழியெல்லாம் வெள்ளம். வயர்லெஸ் நனைஞ்சு போச்சு. உடனே போனை எடுத்தேன், செத்துக் கிடந்துச்சு. ரெண்டரைக்கு அந்த ரூமே முங்கிடுச்சுக்கா. நாங்க பேசவே இல்ல.”

பொறியாளர் மெல்லச் சொன்னார்: “அந்த போன் வராம இருந்திருந்தா நடந்து வராங்கன்னு நினைச்சுக்கிட்டே உக்காந்திருப்போம். மூணு அஞ்சுக்குத் திறந்தே இருப்போம்.”

தலைவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். “விசாரணைக்குப் போற நோட்டும்மா இது. இந்த 2:31 வரியைக் கோடு போட்டு அடிச்சிடலாமா?”

“கோடு பிழைக்குத்தான் சார். இது பிழை இல்லையே. வந்துச்சு, கேட்டோம், எழுதினேன்.”

அவர் நோட்டை மறுபடி அவள் பக்கம் தள்ளினார். அவள் பேனாவைத் திறந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கடைசி வரியை எழுதினாள்:

‘5:40. தாமதப் பதிவு. 3:07 அழைப்பு: பேசியவர் யாரென்று தெரியவில்லை. பதில் சொன்னவர், பதிவாளர்.’

‘முடிந்ததா’ என்ற கட்டத்தில் நெடுநேரம் பேனாவை வைத்திருந்தாள். பிறகு அதை வெறுமையாகவே விட்டு நோட்டை மூடினாள். இருபத்திரண்டு வருடங்களில் அவள் நிரப்பாமல் விட்ட ஒரே கட்டம் அது.