பத்து மணிக்கு வந்த ஓடிபி

அப்பாவின் மீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் உண்டு. அம்மாவுக்காக அவர் போனை நம்பி ரயில் டிக்கெட் எடுக்கப் போன பிறகுதான் அந்தக் கோபத்துக்கு ஒரு நேரம் வாய்த்தது. இந்தியாவில் காலை பத்து மணி, சிங்கப்பூரில் எனக்குப் பன்னிரண்டரை.

அம்மாவுக்குச் சர்க்கரையால் வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. இடது கண்ணிலும் புரை. வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு வரச்சொல்லி சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து திடீரென்று போன் வந்தது. தென்காசியிலிருந்து சென்னைக்குப் போகும் வண்டியில் எல்லா வகுப்பும் வெயிட்டிங் லிஸ்ட். புதன்கிழமை வண்டிக்கு முந்தின நாள், செவ்வாய் காலை பத்து மணிக்குத் திறக்கும் ஏசி தட்கல்தான் ஒரே வழி.

என்னுடைய பழைய ரயில்வே கணக்கு செத்துப்போய் வருடங்கள் ஆகின்றன. அது நான் விட்டுவிட்ட இந்திய எண்ணில் இருந்தது. இப்போது தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு வேறு கேட்கிறார்கள். ஆகவே கணக்கு அப்பாவின் பெயரில், ஓடிபி அப்பாவின் போனுக்கு. பணம் கட்டுவது என் சிங்கப்பூர் கார்டு. அதற்கான ஓடிபி என் போனுக்கு வரும். வெளிநாட்டுக் கார்டை அந்தத் தளத்தில் ஏற்க வைக்க நான் என் வங்கியோடு மல்லுக்கட்டியது தனிக்கதை.

“நாளைக்குப் பத்து மணிக்குப் போனைக் கையில வச்சுக்கிட்டு வீட்டுல இருங்கப்பா” என்று திங்கட்கிழமை மூன்று தடவை சொன்னேன்.

“எனக்கு நீ ட்யூட்டி போடுதியோ” என்றார். போலீஸில் ஏட்டையாவாக ரிட்டயர் ஆனவர். உத்தரவு போட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

மறுநாள் ஆபீஸ் பேன்ட்ரியில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து அடித்ததும் பயணிகள் பெயர், வயது எல்லாம் நிரப்பினேன். ஓடிபி கேட்டது. அப்பாவை அழைத்தேன். எடுத்தது வேறு குரல்.

“ஏட்டையா அருவியில நிக்காவ. நான் எண்ணெய் தேச்சுவிடுத ஆளு பேசுதேன்.”

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் அவருக்கு மகளாவது, மனைவியின் கண்ணாவது.

“அண்ணாச்சி, நான் அவர் மக. இப்போ ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதுல உள்ள ஆறு நம்பரை மட்டும் வாசிங்க.”

“ஓடிபியா? அது யாருட்டயும் சொல்லப்பிடாதும்மா. ஏட்டையாதான் எங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாவ. மக, மருமவன்னு சொல்லிக்கிட்டுத்தான் போன் பண்ணுவானுவன்னு.”

நான் கெஞ்சினேன். பிறகு கத்தினேன். மடையன் என்று கூடச் சொன்னேன். “பாத்தீங்களா, ஏசுதீங்க. மக இப்படிப் பேசுமா” என்று வைத்துவிட்டார். திரையில் நேரம் முடிந்தது. மறுபடி நுழைந்தபோது ஏசியும் வெயிட்டிங் லிஸ்ட்.

அரைமணி கழித்து அப்பா அழைத்தார். துண்டால் தலை துவட்டும் சத்தம் கேட்டது.

“அவன் செஞ்சதுதான் சரி. ஒன்ன மாதிரி படிச்சவளுவதான் ஓடிபியச் சொல்லிட்டுத் துட்டத் தொலைக்காளுவ.”

“அம்மா கண்ணு போகப்போகுதுப்பா.”

“பஸ்ஸு இல்லையா? அங்கன உக்காந்துக்கிட்டு எனக்கு ரூல் பேசாத.”

நானும் விடவில்லை. நாற்பது வருடத்தில் நீங்கள் அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனீர்கள் என்று கேட்டேன். வருசத்துக்கு ஒருக்க வந்து எட்டிப்பார்க்கிறவள் கேட்கிற கேள்வியா என்றார். பேன்ட்ரியில் இருந்த சீனக்காரி தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். போனை வைத்தேன். அவர் வீட்டில் இனிக் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகும் எங்கள் இருவருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை. இங்கே இரண்டு மணி தாண்டி அவளே அழைத்தாள், தன் பட்டன் போனிலிருந்து. பின்னால் ஆட்டோ சத்தம்.

“ஏட்டி, டிக்கெட்டு எடுத்துட்டேன். ஸ்டேஷன் கவுண்டர்ல. காலைல இருந்து வரிசையில நின்னேன். ஏசி கெடைக்கல. பதினோரு மணிக்கு ஸ்லீப்பர் தொறந்தான், நடு பெர்த்து குடுத்திருக்கான். ஏறிக்கிடுவேன்.”

“நான்தான் எடுக்கேன்னு சொன்னேன்லம்மா.”

“நீயும் ஒங்கப்பாவும் எடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?”

“அப்பாவுக்கு?”

“ஒரு டிக்கெட்டுதான் எடுத்தேன். அவிய குளிக்கட்டும்.”

கவுண்டரிலும் ஓடிபி கேட்பார்களே, அவளுக்குத்தான் கண் தெரியாதே என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எப்படிச் சமாளித்தாள் என்று கேட்டேன்.

“பின்னால நின்ன பிள்ளைகிட்ட போனைக் குடுத்தேன். கண்ணு தெரியலம்மா, வாசிச்சுச் சொல்லுன்னேன். வாசிச்சா.”

முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போனைக் கொடுக்கலாமா என்று என் வாயில் வந்துவிட்டது. அப்பாவின் குரலிலேயே வந்தது.

“ஒனக்கும் அவியளுக்கும் அந்த நம்பர்தான் முக்கியம்” என்றாள் அம்மா. “அவ ஒருத்திதான் என் கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டா.”