கடைசி அட்டையில் இருந்த மீன்

விவேக் நகரில், சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு சிறிய மையத்தின் மாடியில் சனிக்கிழமை தோறும் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் பத்து வருடம் பெரிய பள்ளிக்கூடத்தில் டிராயிங் மிஸ். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்போடுதான் மாடி ஏறினேன். அந்த நினைப்பை ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி முதல் நாளே இறக்கி வைத்தாள். அவள் ஆட்டிசம் உள்ள குழந்தை. விரலில் பெயின்ட் பட்டதும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வகுப்பு முடியும்வரை வெளியே வரவில்லை.

ஓக்கலிபுரத்திலிருந்து அவளை அழைத்து வருகிறவர் அவள் அம்மா. ஆபீஸ் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. வாரம் முழுக்க நின்ற கால்களோடு, இரண்டு பஸ் மாறி வருவார். வகுப்பு முடியும்வரை வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ஈரம்தான் அவளுக்கு ஆகவில்லை என்று புரிந்ததும் பெயின்டை ஜிப் கவருக்குள் ஊற்றி, காற்றை எடுத்து மூடி, ஓரங்களில் டேப் போட்டு மேஜையில் ஒட்டினேன். கவர் மேல் விரலால் அழுத்தி நிறங்களை நகர்த்தினாள். ஈரம் கையில் படவில்லை. அடுத்த மாதம் பிரஷ்ஷே பிடித்தாள். பிடி தடிமனாக இருக்கட்டுமென்று காம்புக்கு ஸ்பாஞ்ச் சுற்றியிருந்தேன். பேப்பர் நழுவாமல் நாலு மூலையிலும் டேப்.

அடுத்தது என் வாய். 'மெதுவா, மேல இருந்து, கண்ணு, பாத்து' என்று விடாமல் பேசுவேன். மையத்தின் சிறப்பு ஆசிரியை ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "மேடம், நீங்க இவ்ளோ பேசுனா அவ எதைக் கேப்பா? ஒரு வேலைக்கு ஒரு பட அட்டை. அதைக் காட்டுனா போதும்" என்றார். கோபம் வந்தது, ஆனாலும் செய்தேன். நாலு அட்டை: பிரஷ் எடு, பெயின்டில் தொடு, பேப்பரில் பூசு, கடைசியாக 'முடிந்தது'. அந்தக் கடைசி அட்டையில் நானே அழகான நீல மீன் ஒன்று வரைந்தேன். செதில் உண்டு, துடுப்பு உண்டு. அதில் எனக்குப் பெருமை வேறு.

மூன்று அட்டைவரை ஒழுங்காகச் செய்வாள். பிறகு நிறுத்தவே மாட்டாள். ஒரே இடத்தில் பூசிப் பூசி, பேப்பர் நைந்து கிழியும். உடனே தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். மூன்று சனிக்கிழமை இதே கதை. மூன்றாவது தடவை அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"பாக்க முடியல மிஸ். வீட்ல அவ இப்டி அடிச்சிக்கறதில்ல. இன்னும் ஒரு வாரம் பாக்கறேன். அப்பவும் அழுதான்னா நிறுத்திடறேன், தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? வீட்டில் இல்லாத அழுகையை நான்தானே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கிழிந்த மூன்று தாள்களையும் அன்று வீட்டுக்கு எடுத்துப் போனேன். அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே இடத்தில் கிழிந்திருந்தன, என் மீனுக்குத் துடுப்பு இருக்கும் இடத்தில். முடிந்தது என்றால் இந்த மீன் வர வேண்டும் என்றுதானே அட்டை சொன்னது? அவள் அட்டை சொன்னபடி நடந்திருக்கிறாள். பத்து வருட அனுபவசாலி வரைந்த மீனை ஒன்பது வயதுக் குழந்தை வரைந்தால்தான் எழுந்திருக்கலாம் என்று உத்தரவு போட்டவள் நான்.

மீன் அட்டையைக் குப்பையில் போட்டேன். சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் படங்களையும் கழற்றினேன். மேஜை ஓரத்தில் சிவப்பு டிரே ஒன்றை வைத்து, அதில் ஒரு வெள்ளைத்தாள் கிடக்கிற மாதிரி போட்டோ எடுத்து, அதையே கடைசி அட்டையாக்கினேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன், தாளை டிரேயில் வைப்பதை அவளுக்கு இரண்டு முறை செய்து காட்டினேன்.

பிரஷ் எடுத்தாள். தொட்டாள். நீலத்தில் மூன்று கோடு போட்டாள். அட்டையைப் பார்த்தாள். 'இன்னும் கொஞ்சம் போடேன்' என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். டேப்பை ஒவ்வொன்றாக உரித்தாள், தாளை டிரேயில் வைத்தாள், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அழவில்லை. தாளும் முழுசாக இருந்தது.

நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. அவள் உட்கார்ந்திருந்த குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா உள்ளே வந்து டிரேயை எட்டிப் பார்த்தார். மூன்று கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். மூன்று மாதமாக ஒரு சனிக்கிழமை தவறாமல், சரியாகப் பத்து மணிக்கு வருகிறவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"அடுத்த சனிக்கெழம எத்தன மணிக்கு மிஸ் வரணும்?"