பிரெஞ்சுக் கடிதத்தில் நான் வெட்டிய பத்தி

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'சந்தேகம்'. காப்பியில் சீனி குறைந்தால்கூட யாரோ வேண்டுமென்றே செய்தார்கள் என்று நினைப்பவன் நான். இந்தக் குணம் என் வேலைக்கு உதவியது என்றுதான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் முன்மேசையில் ஒன்பது வருடம் நின்றவன். பிரெஞ்சுக்கார விருந்தினர்களின் புகார்களைக் கேட்டுக் கேட்டு, மாலை வகுப்புக்கும் போய், அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். பிறகு ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தொழிற்சாலை கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில், அலுவலகம் இக்கரையில் ஜார்ஜ் டவுனில். முதலாளியை டத்தோ என்ற அவர் பட்டத்தாலேயே சொல்வோம், பெரும்பாலும் காரிலோ விமானத்திலோ இருப்பார். எங்கள் பெரிய வாடிக்கையாளர் பிரான்ஸில். அங்கே தரப்பிரிவுத் தலைவர் ஒரு பெரியவர். ஆங்கிலம் தெரிந்தும் பிரெஞ்சில்தான் எழுதுவார்.

டத்தோவின் உத்தரவு ஒன்றே ஒன்று. "ரெண்டு வரி போதும்லா. போனைத் திறக்காமலே தெரியணும்." பூட்டிய திரையில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவர் படிப்பார். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். மெயிலைக் கடைசியிலிருந்து படிப்பேன், ஏனென்றால் பிரெஞ்சுக்காரர்கள் கேட்க வந்ததை வணக்கமும் நன்றியும் சொல்லி முடித்த பிறகுதான் கேட்பார்கள். என்ன வேண்டும், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் பொறுக்கி எடுப்பேன். அவர்கள் நேரத்தை நம் நேரமாக மாற்றுவேன். மரியாதை வரிகளை மொத்தமாக வெட்டுவேன். மிஞ்சியதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாக அனுப்புவேன்.

தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு புதன்கிழமை காலை பெரியவரிடமிருந்து ஏழு பத்தி மெயில் வந்திருந்தது. சாரம் இதுதான்: கடைசியாக அனுப்பிய சரக்கின் தரச் சான்றிதழில் தைப்பூச நாளின் தேதி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய விடுமுறைப் பட்டியலில் அன்று தொழிற்சாலை மூடல். அப்படியானால் சோதனை எப்போது, எப்படி நடந்தது? வியாழன் மதியம் பன்னிரண்டுக்குள் விளக்கம் வராவிட்டால் அடுத்த கண்டெய்னரை ஏற்பதை நிறுத்திவைப்போம். அவர்களுக்கு மதியம் பன்னிரண்டு என்றால் நமக்கு மாலை ஏழு.

சான்றிதழில் இருந்தது எங்கள் சோதனைக்கூடத்து அக்காவின் கையெழுத்து. பாகான் டாலாமிலிருந்து வருபவர், பதினெட்டு வருட சர்வீஸ். எனக்கு உடனே மூக்கு வியர்த்தது. கொஞ்ச நாளாகவே அக்கா போன் வந்தால் வெளியே போய்ப் பேசுகிறார். போன வாரம் என்னைப் பார்த்ததும் ஒரு தாளைக் கவிழ்த்து வைத்தார். சோதனையே செய்யாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

டத்தோவுக்கு இப்படி அனுப்பினேன்: "விடுமுறை நாளில் சோதித்ததாக அக்காவின் கையெழுத்து. பொய்ச் சான்றிதழ் என்று வாடிக்கையாளருக்குச் சந்தேகம். நாளை மாலை 7க்குள் பதில் இல்லையென்றால் அடுத்த கண்டெய்னர் நிற்கும்."

'பொய்' என்ற சொல் மெயிலில் எங்குமே இல்லை. பெரியவர் ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். கேள்விக்கு இடம் அதிகம் வேண்டும், தீர்ப்புக்குக் கொஞ்சம் போதும். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. நறுக்கென்று வந்திருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

நாலு நிமிடத்தில் பதில் வந்தது. "இன்றோடு அவரை நிறுத்து. கடிதம் நீயே கொண்டு போ."

கடிதத்தை அச்சடித்துப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளோடு ஃபெரியில் ஏறினேன். கடல் நடுவே ஒரு விஷயம் உறுத்தியது. டத்தோ ஏன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை? அவருக்கும் இதில் பங்கு உண்டோ என்று யோசிக்க ஆரம்பித்தேன். என் குணம் அப்படி.

அக்கா சோதனைக்கூடத்தில் வளையத்தை இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் இருந்தார். கடிதத்தை எடுக்காமல் முதலில் கேட்டேன்.

"அக்கா, தைப்பூசத்தன்னிக்கு நீங்க வேலைக்கு வந்தீங்களா?"

"நான் எங்க தம்பி வந்தேன்? தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுத்தேன்ல."

"அப்புறம் எப்படி அன்னைய தேதில உங்க சைன்?"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேசையிலிருந்து பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்தச் சரக்கின் அளவுகள் எல்லாம் தைப்பூசத்துக்கு முந்தின நாள் தேதியில், நேரத்தோடு, அவர் கையால் எழுதப்பட்டிருந்தன.

"டெஸ்ட் முந்தின நாளே முடிஞ்சிருச்சி. டைப் பண்ண நேரம் இல்லன்னு நீதானே தம்பி வந்து மூணு வெறும் தாள்ல சைன் வாங்கிட்டுப் போன? லீவு நாள்ல கப்பல் காத்திருக்காதுக்கானு சொன்னியே. பெருநாள் வந்தா எப்பவும் அப்படித்தானே."

எப்பவும் அப்படித்தான். ஒவ்வொரு பெருநாளுக்கு முன்பும் நான் தாள்களோடு வருவேன். பழகிப்போனதால் அதைத் தப்பு என்றே நினைத்ததில்லை, நினைவிலும் வைத்துக்கொண்டதில்லை. தைப்பூசத்தன்று லீவிலும் அலுவலகம் வந்த ஏற்றுமதிப் பிரிவுப் பையன் அந்தத் தாளில் அச்சடித்திருக்கிறான், அன்றைய தேதி விழுந்திருக்கிறது.

போனில் பழைய செய்திகளைத் தள்ளிப் பார்த்தேன். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு டத்தோவுக்கு நான் அனுப்பிய இரண்டு வரி அங்கேயே இருந்தது. "அக்கா லீவு. வெறும் தாளில் முன்னாடியே கையெழுத்து வாங்கட்டுமா?" கீழே அவர் பதில்: "ஓகே."

அழித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதை இங்கே மறைக்கவில்லை. விரல் அந்த வரிமேல் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையில என்ன தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன். படித்தார். உட்கார்ந்துவிட்டார். "மகனுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன். கம்பெனி கார்டுலதான் ஆஸ்பத்திரி" என்றார், கடிதத்தைப் பார்த்தபடியே. வெளியே போய்ப் பேசிய போனும் கவிழ்த்து வைத்த தாளும் என்னவென்று எனக்கு விளங்கியது. அவமானமாக இருந்தது.

அங்கேயே நின்று டத்தோவுக்கு எழுதினேன்: "சோதனை முந்தின நாளே நடந்தது, பதிவேடு இருக்கிறது. வெறும் தாளில் கையெழுத்து வாங்கியவன் நான், ஓகே சொன்னது நீங்கள். இதை அப்படியே பிரான்ஸுக்கு எழுத வேண்டும், அக்காவை நிறுத்தக் கூடாது."

இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. என்னையும் சேர்த்து நிறுத்தப்போகிறார் என்று தோன்றியது.

"அந்த வெள்ளைக்காரர் என்னைப் பத்தி என்னதான் எழுதியிருக்காரு? முழுசாப் படி" என்றார் அக்கா.

ஏழு பத்தியையும் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். காலையில் படித்துவிட்டு, வெறும் மரியாதைப் பேச்சு என்று நான் வெட்டிய ஆறாவது பத்தி வந்தது. "இத்தனை வருடங்களாக உங்கள் சோதனையாளரின் பதிவுகளைப் போல் கவனமானவற்றை நாங்கள் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆகவே தவறு அவருடையதாக இருக்காது என்றே நம்புகிறோம். இந்தக் கேள்வி அவரைக் குறித்தது அல்ல என்பதை அவரிடம் தயவுசெய்து தெரிவிக்கவும்."

அக்கா இயந்திரத்தில் மாட்டியிருந்த வளையத்தைக் கழற்றி வைத்தார்.

போன் அதிர்ந்தது. பூட்டிய திரையில் டத்தோவின் பதில் முழுசாகத் தெரிந்தது. "எழுது. கடிதத்தைக் கிழித்துப் போடு."

போனைத் திறந்து அக்காவிடம் காட்டினேன்; காலையில் டத்தோவுக்கு நான் அனுப்பிய வரிகளும் மேலே இருந்தன. படித்துவிட்டுக் கடிதத்தை என் கையில் திருப்பித் தந்தார்.

"இந்த ஆறாவத எதுக்குத் தம்பி வெட்டுன?"

இரண்டு வரிக்குள் அடங்காதுக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். பதினெட்டு வருடம் வேலை பார்த்தவரிடம் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"நான் அத நம்பலக்கா" என்றேன்.