ஆறாம் அத்தியாயத்துப் பொய்

என் அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'மூச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். "மூச்ச இழுங்க, புடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வந்த பெயர். வீட்டில் நான் வைத்த பெயர் கத்தரி. நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் பாதியை வெட்டிவிட்டு, "இப்பதான் மூஞ்சி தெரியுது" என்பார். பதிலுக்கு என்னை 'நீட்டி' என்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் மறுநாள் படித்துப் பார்த்தால் அவர் வெட்டியதுதான் சரியாக இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே புனைபெயரில் இரண்டு நாவல் எழுதி அவை வந்தும்விட்டன. ஒற்றைப்படை அத்தியாயங்கள் அவருக்கு, இரட்டைப்படை எனக்கு. எழுதி முடித்தவர் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். படிக்கிறவர் தனியாகப் படிக்க வேண்டும். சண்டையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கும். எந்த அத்தியாயம் எந்தத் தேதியில் நடக்கிறது, அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று அதில் கட்டம் போட்டிருப்போம். அண்ணி சின்ன எழுத்தில் எழுதுவார். நான் கட்டத்தைத் தாண்டி எழுதுவேன்.

மூன்றாவது நாவல் ஒரு லாரி டிரைவரைப் பற்றியது. மனைவியோடு சண்டை போட்டுவிட்டுப் போனவன் திரும்பவில்லை. மனைவியும் அவன் தங்கையும் ஒரே வீட்டில் காத்திருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அவன் வந்து கதவைத் தட்டுவான் என்பது திட்டம்.

இது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு முற்பகல் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். போலீஸ், பத்திரிகை விளம்பரம், தெரிந்தவன் தெரியாதவன் என்று ஒருத்தரையும் விடவில்லை. ஒரு தகவலும் இல்லை.

இப்போது என் யோக்கியதையைச் சொல்கிறேன். அவன் போன ஐந்தாவது மாதம் அண்ணி சாப்பாட்டை விட்டுவிட்டார். வேலை செய்யும் இடத்தில் மயங்கி விழுந்தார். வெளியூர் போய்விட்டு வந்த ஒரு நாள், ரயில் நிலையத்தில் அண்ணனைப் பார்த்தேன் என்று சொன்னேன். இளைத்திருந்தான், தாடி வைத்திருந்தான், கிட்டே வந்து, "அவளப் பாத்துக்கோ, கொஞ்ச நாள்ல வந்துடறேன்" என்றான் என்று சொன்னேன். அத்தனையும் பச்சைப் பொய். அன்றைக்கு அண்ணி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

சாப்பிட்டார், பிழைத்தார், ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, வீடும் கொடுப்பதாகச் சொன்னார்கள். போகவில்லை. லேபில் இருந்த ஒரு நல்ல மனிதர் அண்ணியின் அக்கா மூலமாகக் கல்யாணத்துக்குக் கேட்டார். வேண்டாமென்றார். "அவர் வந்தா இந்த வீட்டுக்குத்தானே வருவாரு?" என்பார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முதலில் அவர் உடம்புக்காக இருந்தேன். அப்புறம் எனக்காக இருந்தேன். உண்மை தெரிந்தால் அண்ணி என்னை விட்டுப் போய்விடுவார். எனக்கு வேறு ஆள் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் பதினோராம் அத்தியாயம் மேசைக்கு வந்தது. வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தேன். மனைவி ஒரு போலீஸ் நிலையத்துக்குப் போகிறாள். ஒரு சட்டையைக் காட்டுகிறார்கள். உள்பக்கம் வேறு நிற நூலில் அவளே தைத்த பொத்தான். வீட்டை விட்டுப் போன மூன்றாம் நாளே லாரி ஆற்றுக்குள் போயிருக்கிறது. ஆள் தெரியாமல் புதைத்துவிட்டார்கள். டிரைவர் செத்துவிட்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஞாயிற்றுக்கிழமையாவது ஒன்றாவது!

"என்ன அண்ணி இது? கடைசில வர்ற ஆள நடுவுலயே கொன்னுட்டீங்க!"

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏழுலயும் ஒம்போதுலயும் அந்தப் பொம்பள என்னடி பண்றா? வாசலப் பாக்குறா. திரும்பவும் வாசலப் பாக்குறா. இன்னும் ஒம்போது அத்தியாயம் அவ அதையேதான் பண்ணணும். என்னால எழுத முடியல. எனக்குக் களைப்பா இருக்கு."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப. எழுதிப் பாத்தேன், எழுத வந்துது. உனக்குச் சரியா வரலன்னா கிழிச்சுப் போடு."

கிழிக்க முடியவில்லை. இது வரைக்கும் அண்ணி எழுதியதிலேயே அதுதான் உயிரோடு இருந்தது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் சரியென்றேன். வேறென்ன செய்ய?

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பத்து அத்தியாயங்களையும் மேசையில் பரப்பினோம். பச்சைப் பென்சில் என்றால் அப்படியே இருக்கட்டும், நீலம் என்றால் திருத்து, சிவப்பு என்றால் தூக்கிப் போடு. முதல் மூன்று அத்தியாயங்களைப் பதிப்பாளர் ஏற்கெனவே பக்கம் அமைத்து வைத்திருந்தார். "எத்தன வரி எடுக்குறீங்களோ அத்தன வரிதான் போடணும், பக்கம் தள்ளக் கூடாது" என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டாவதில் டிரைவர் பையில் சவரக் கத்தியும் நாலு சட்டையும் எடுத்து வைக்கிறான். நெடுநாள் போகிறவன் செய்கிற வேலை அது. அதை எடுத்துவிட்டு, அதே மூன்று வரியில் அவன் சாப்பிடாமல் தட்டைத் தள்ளுவதை வைத்தேன். மூன்றாவதில், 'அவன் வருவான் என்று அவளுக்குத் தெரியும்' என்ற வரியை அண்ணி, 'அவன் வருவான் என்று அவள் நினைத்தாள்' என்று மாற்றினார். அவ்வளவுதான். அந்த அத்தியாயம் முழுக்க இருட்டிவிட்டது.

என் அத்தியாயங்களில்தான் உதை. நாலு, எட்டு, பத்து மூன்றிலும் டிரைவர் வேறு ஊரில் உயிரோடு திரிகிறான். நாலாவதில் அவன் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். அது நல்ல அத்தியாயம், விட மனசில்லை. அதைக் கல்யாணத்துக்கு முந்தைய காலத்துக்கு நகர்த்தினோம். அதனால் அவன் சட்டைப் பையிலிருந்த மனைவியின் போட்டோ போயிற்று, முட்டி வலி போயிற்று, பட்டறைக்காரருக்கு வயசு குறைந்தது. எட்டாவதை மனைவியின் நினைப்பாக ஆக்கினோம். 'சாப்பிட்டான்' என்பதெல்லாம் 'சாப்பிட்டிருப்பான்'. 'படுத்தான்' என்பது 'படுத்திருப்பான்'. நாற்பது இடத்துக்கு மேல் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஒவ்வொரு 'இருப்பான்' போடும்போதும் என் அண்ணனை நானே கொஞ்சம் கொஞ்சமாகப் புதைப்பதுபோல இருந்தது. அழுகையாக வந்தது. பத்தாவதைக் காப்பாற்ற வழியில்லை. சிவப்புக் கோடு போட்டுத் தூர வைத்தோம்.

மிச்சம் ஆறு.

ஆறாம் அத்தியாயத்தில் தங்கை வெளியூரிலிருந்து வந்து, அண்ணனை ரயில் நிலையத்தில் பார்த்தேன் என்கிறாள். ஆமாம், அதேதான். எந்தக் கிறுக்குப் புத்தியில் அதைக் கதையில் போட்டேனோ! ஒன்பது வருஷமாக மனசுக்குள் மெருகேற்றி வைத்திருந்த காட்சி. எழுத உட்கார்ந்தபோது தானாக வந்து விழுந்தது. அண்ணியும் அப்போது ஒரு வார்த்தை வெட்டவில்லை. நடந்தது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணி ஃபிரிட்ஜ் கதவுத் தாளைப் பார்த்தார். "அவன் செத்தது மூணாம் நாள். இவ பாத்தது அஞ்சாம் மாசம்."

"வேற யாரையோ பாத்திருப்பா" என்றேன். "தாடி, கூட்டம். ஆள் மாறிப் போச்சு."

"தூரத்துல பாத்தான்னா சரி. நீ பேச வச்சிருக்கியே. பக்கத்துல வந்து அவளப் பாத்துக்கோங்கறான். கூடப் பொறந்தவன் குரல் தெரியாதா ஒருத்திக்கு?"

"அப்ப பேச்ச எடுத்துடலாம்."

"எடுத்தா ஏழு நிக்காது. அந்தப் பேச்ச நம்பித்தான் அவ ஏழுல கெடச்ச வேலய விடுறா. ஒம்போதுல மாப்பிள்ளய வேணாங்கறா." அண்ணி நீலப் பென்சிலால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "பேச்சு இருக்கணும். ஆனா நடந்திருக்கக் கூடாது. அப்படின்னா தங்கச்சி பொய் சொல்றா. அவ்ளோதான். நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

நான் சிவப்புப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

"ஆனா ஏன் சொல்றா? அது தெரிஞ்சாதான் ஆறத் திருத்த முடியும். அவ எங்க தடுமாறுறா, எத அதிகமா சொல்றா, எல்லாம் வைக்கணும்ல? உன் ஆளு அவ. சொல்லு, ஏன் பொய் சொன்னா?"

கதையைத்தான் கேட்டார். சத்தியமாகக் கதையைத்தான் கேட்டார். ஏதாவது உளறியிருக்கலாம். ஆனால் தலையைக் குனிந்துகொண்டேன், கண்ணீர் பொலபொலவென்று தாளில் விழுந்தது.

அண்ணி நீலப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஏய்" என்றார். "நீ அன்னைக்கு ஸ்டேஷன்ல..."

இல்லை என்று தலையாட்டினேன்.

"பாக்கவே இல்லயா?"

"இல்ல அண்ணி. நீங்க சாப்பிடல. செத்துப் போயிடுவீங்களோன்னு..."

"அதுக்கப்புறம்? சாப்பிட ஆரம்பிச்சப்புறம்?"

நான் சொல்லச் சொல்லத் தடுமாறினேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கத்தியிருந்தால் தேவலை. எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"வாயால சொல்லாத. வாயால நீ என்ன சொன்னாலும் இனிமே நம்ப மாட்டேன். எழுதிக் குடு. பன்னெண்டு உன்னோடது. தங்கச்சி வந்து சொல்றா. எழுத்துல நீ எங்க பொய் சொல்வன்னு எனக்குத் தெரியும்."

நாலு நாள் லீவு போட்டு எழுதினேன். பசியால் விழுந்த அண்ணியைப் பார்த்த பயத்தை எழுதினேன். லேப்காரருக்குப் பதிலாக நாவலில் வந்த மாப்பிள்ளையை மனைவி திருப்பி அனுப்பியபோது தங்கைக்கு உள்ளுக்குள் வந்த நிம்மதியையும் எழுதினேன். அந்த வரியை எழுத ஒரு நாள் முழுக்க ஆயிற்று. கடைசிப் பத்தியில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து, "போகட்டும் விடு, நீ குழந்தையா இருந்த" என்கிறாள். தாள்களை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாள்கள் திரும்பி வந்தன. முதலிலிருந்து கடைசி வரை பச்சை. என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கத்தரி ஒரு வார்த்தையைக்கூட வெட்டவில்லை. கடைசிப் பத்தியில் மட்டும் சிவப்புக் கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'இதை அவள் சொல்ல மாட்டாள்'.

"அப்ப என்னதான் சொல்லுவா அண்ணி?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா." அண்ணி பதின்மூன்றாம் அத்தியாயத்தை என் முன்னால் வைத்தார். "அவ பொட்டியக் கட்டுறா. எழுதிட்டேன், படி. அந்தப் பெரிய ஆஸ்பத்திரில மறுபடியும் கேட்டிருந்தேன், வரச் சொல்லிட்டாங்க. பதினாலு நீ எழுதித் தபால்ல அனுப்பு. திருத்தி அனுப்பறேன்."

தாள் என் கையில் இருந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அண்ணி அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.