நீராவிக் குழாயும் நல்ல வார்த்தையும்

ஆலை கட்டியது சித்தூருக்குப் பக்கத்தில். அதைப் பற்றிப் பேசியதெல்லாம் திருப்பதியில். அலிபிரிக்குப் போகும் சாலையில் முதலாளிக்கு ஒரு வீடு இருந்தது. மலைக்குப் போய் தரிசனம் முடித்து இறங்கிய கையோடு அந்த வீட்டு மாடிக் கூடத்தில் ரிவ்யூ மீட்டிங் வைப்பார். அப்படி உட்கார்ந்தால் காரியம் தடைபடாதாம். ஆளுக்கொரு விள்ளல் லட்டு கொடுத்த பிறகுதான் லேப்டாப்பைத் திறக்கலாம்.

அந்தக் கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் ‘லேது’ என்று சொல்லக்கூடாது. இல்லை, முடியாது, தள்ளிப்போகும் என்பதெல்லாம் அபசகுனம். எதைக் கேட்டாலும் ‘அவுதுந்தி சார்’, ஆகிவிடும் சார், அவ்வளவுதான் பதில். சிவில் வேலை எப்போது முடியும்? அவுதுந்தி சார். கரண்ட் கனெக்‌ஷன்? அவுதுந்தி சார். படித்த மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து கிளிப்பிள்ளை மாதிரி இதைச் சொல்வதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கும். அதில் ஒருவரும் முட்டாள் இல்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

நான் அங்கே புராஜெக்ட் மேனேஜர். மாங்கூழ் ஆலை. தோத்தாபுரி மாங்காய் வரத்து ஆனி மாதத்தில் ஆரம்பிக்கும். அதற்குள் மிஷின் ஓடவில்லை என்றால் அந்த வருஷம் போனது போனதுதான், மாம்பழம் யாருக்காகவும் காத்திருக்காது. குடிபாலா பக்கத்தில் முதலாளிக்கே ஒரு மாந்தோப்பு உண்டு. அந்தப் பக்கத்து விவசாயிகள் நிறையப் பேர் காயை எங்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். என் தாய்மாமனும் அதில் ஒருவர். வருஷா வருஷம் வேறொரு ஆலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், இந்த முறை அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார்.

மாசி மாதம் நீராவிக் குழாய்கள் வந்து இறங்கின. பாயிலரிலிருந்து மிஷினுக்கு ஆவி கொண்டுபோகிற குழாய் என்றால் சும்மா இல்லை. பாயிலர் சட்டப்படி சோதித்து, சான்றிதழோடு வந்த குழாயாக இருக்க வேண்டும். பற்றவைக்கிறவருக்கும் அதற்கான தகுதிச் சான்று வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து வரைபடத்தையும் சான்றிதழையும் பார்த்து, தண்ணீர் ஏற்றி அழுத்தச் சோதனை செய்து, அனுமதி கொடுத்த பிறகுதான் ஆவியைத் திறக்கலாம். வந்து இறங்கிய குழாய்களுக்குச் சான்றிதழே கிடையாது. வாங்கியவர் முதலாளியின் மைத்துனர். சென்னையில் தெரிந்த கடை, மலிவாகக் கிடைத்தது என்று அவருக்கு ஒரே பெருமை. பேப்பர் அப்புறம் வரும் என்றார். குழாய் செய்யும்போதே சோதித்துக் கொடுக்கிற பேப்பர் அப்புறம் எங்கிருந்து வரும்?

அடுத்த மீட்டிங்கிலேயே சொன்னேன். லட்டை ஓரமாக வைத்துவிட்டு, காரணம் இது, விளைவு இது என்று பிரித்துச் சொன்னேன். இந்தக் குழாயை மாட்டினால் இன்ஸ்பெக்டர் தள்ளிவிடுவார், ஆவி இல்லாமல் கூழைக் காய்ச்ச முடியாது, ஒப்புக்கொண்டவர்களின் காய் அத்தனையும் கேட்டுக்கு வெளியே நிற்கும். தப்பிக்க மூன்று வழி இருக்கிறது. இப்போதே சான்றிதழ் உள்ள குழாய்க்கு ஆர்டர் போட்டு, வரைபடத்தைத் திருத்தி அனுப்பினால் சீசனுக்குள் முடிக்கலாம். இல்லையென்றால் ஆலையை அடுத்த வருஷம் திறக்கலாம், அதை விவசாயிகளிடம் இன்றே சொன்னால் அவர்கள் பழைய ஆலைகளுக்குத் திரும்பிப் போவார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பக்கத்து ஆலை ஒன்றில் இப்போதே இடம் பிடித்து, நம் காயை அவர்கள் மிஷினில் கூழாக்கலாம். முதல் வழியை எடுங்கள், அது பிசகினால் கைகொடுக்க மூன்றாவதையும் சேர்த்துப் பிடித்துவையுங்கள் என்றேன். பங்குனி பிறந்த பிறகு முடிவெடுத்தால் முதல் வழி அடைபட்டுவிடும் என்பதையும் சொன்னேன்.

மைத்துனர் சீலிங் ஃபேனைப் பார்த்தார். முதலாளி என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தார்.

“சாமியைப் பாத்துட்டு வந்த வாயால மஞ்சி மாட்ட பேசுப்பா. நல்லதே பேசினா நல்லதே நடக்கும்.”

அடுத்தவர் பக்கம் திரும்பினார். அவர் அவுதுந்தி சார் என்றார்.

விடாமல் மெயில் போட்டேன், ஃபோன் செய்தேன், நேரில் போய்ச் சொன்னேன். பதிலுக்குப் பதிலாக ஒரு முகூர்த்தம் வந்தது. சித்திரையில் நல்ல நாள் பார்த்து பாயிலருக்குப் பூஜை. அனுமதி வராத பாயிலருக்கு மஞ்சள், குங்குமம், மாலை, பூசணிக்காய். நெருப்பு மூட்டக்கூடாது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டதால் பெரிய மனது செய்து விறகை விட்டுவிட்டார்கள். ஆனால் புகை வராமல் என்ன போட்டோ? அடுப்பில் கற்பூரத்தை ஏற்றி, பச்சைத் தேங்காய் மட்டையைப் போட்டுச் சிம்னியில் புகை வரவழைத்தார் மைத்துனர். அந்தக் கோமாளித்தனத்தை எல்லோரும் கைதட்டிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் மண்டலம் முழுக்க எல்லார் ஃபோனிலும் ஏறிவிட்டது.

மாமாவிடம் போய், பழைய ஆலையிலேயே பேசிவிடுங்கள், இங்கே நம்பாதீர்கள் என்றேன். அவர் ஃபோனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார்.

“பொக வந்துக்கினு கீது, நீ ஓடாதுன்றியே மாப்ளே. ஒனக்கும் அவருக்கும் எதாச்சும் சண்டையா?”

சிம்னிக்குள்ளே எரிந்தது தேங்காய் மட்டை என்றேன். அவர் நம்பவில்லை. எந்த மனிதன் நம்புவான்? கோடிக்கணக்கில் செலவழித்து ஆலை கட்டுகிறவன் மட்டையைப் போட்டுப் புகை காட்டுவான் என்று யோசிக்கும் அளவுக்கு என் மாமாவுக்குக் கெட்ட புத்தி கிடையாது.

வைகாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். குழாயைப் பார்த்தார், சான்றிதழ் கேட்டார். மைத்துனர் கடை பில்லை நீட்டினார். வந்தவர் அதைத் தொடக்கூட இல்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்றைக்கும் முதலாளி கலங்கவில்லை. ஏதோ திருஷ்டி என்றார். அந்த நிதானத்தைப் பார்த்து, இவ்வளவு மடையனா இந்த ஆள் என்றுதான் நினைத்தேன்.

ஆனி பிறந்தது. ஒப்புக்கொண்டவர்கள் காயோடு வந்து கேட்டில் நின்றார்கள். ஆபீஸிலிருந்து வாட்ச்மேனை விட்டு ‘இன்னும் கொஞ்ச நாள்’ என்று சொல்ல வைத்தார்கள். மாமாவின் டிராக்டரும் அந்த வரிசையில் நின்றது. பழைய ஆலையில் வழக்கமாகக் கொடுக்கிறவர்களுக்கே டோக்கன் தீர்ந்துவிட்டதாம். வெயிலில் காய் பழுத்து, அடியில் இருந்தது கசிய ஆரம்பித்துவிட்டது.

யாரையும் கேட்காமல், குடிபாலா ரோட்டில் இருந்த இன்னொரு ஆலையின் மேனேஜருக்கு நானே ஃபோன் செய்தேன். எங்கள் விவசாயிகள் காயைக் கொஞ்சமாவது எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மிஷினில் இடம் இருக்கிறதா என்று கெஞ்சினேன். அவர் குழம்பிப்போனார்.

“உங்க சார்தான் மாசி மாசமே எடம் புடிச்சிட்டாரே. அவரு சொந்தத் தோப்புக் காய் தினமும் வந்துக்கினுதானே கீது. மத்தவங்க காயும் உண்டான்னு அப்பவே கேட்டேன், தேவையில்லன்னாரு.”

மாசியில் எப்போது என்று கேட்டேன். அவர் சொன்ன தேதி, நான் அந்தக் கூடத்தில் பேசியதற்கு மறுநாள்.

ஃபோனை வைத்துவிட்டு கேட்டுக்கு வெளியே போனேன். மாமா டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

“அப்போ நீ சொன்னத அவரு ஒருத்தருதான் நம்பிக்கீறாரு” என்றார்.

பிறகு எழுந்து, வண்டியைத் திருப்ப இடம் விடச் சொல்லிப் பின்னால் இருந்தவரைக் கூப்பிட்டார்.