விலை குறைத்த முகூர்த்தப் பட்டு

தனபாலுக்குப் பல்லடத்தில் துணிக்கடை. மகள் கனிஷ்கா பிறந்த அன்றே மனசில் ஓர் ஆசையை முடிந்து வைத்துவிட்டார்: இவள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு நம் கடையிலிருந்துதான் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார்தான் எடுப்பது வழக்கம். எடுக்கட்டும், நம் கடையில் எடுக்கட்டும். பாவம், அந்த ஆசைக்கு அவரே உலை வைத்துக்கொண்டார்.

போன ஆடியில் நூற்றைம்பது ரூபாய்த் துண்டை நூறாக்கினார். கட்டுக்கட்டாகப் போயிற்று. நூல் சேலையும் அப்படியே. ஒன்று வாங்க வந்தவர்கள் மூன்று எடுத்தார்கள். இருக்காதா பின்னே? விலை இறங்கினால் கை நீளும், ஏறினால் சுருங்கும். அந்தத் தைரியத்தில், மாடியில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்த ஒன்றரை லட்ச ரூபாய்ப் பட்டுக்கும் எண்பதாயிரம் என்று எழுதி வாசலில் போர்டு மாட்டினார். மாதம் நாலு போய்க்கொண்டிருந்த சேலை, இனி குறைந்தது எட்டு போகும் என்று நினைப்பு.

ஒன்றுகூடப் போகவில்லை. வருவார்கள், தொட்டுப் பார்ப்பார்கள், "நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள், நழுவிவிடுவார்கள். தை மாதம் முழு விலைக்கு வாங்கியிருந்த ராசாத்தாள் மட்டும் படியேறி வந்து சண்டை பிடித்தார்.

"ஏனுங்க தனபாலு, மருமவளுக்கு ஒன்னரை லட்சத்துல எடுத்தோம்னு ஊரெல்லாம் சொல்லிப்போட்டேன். இப்பிடி போர்டு மாட்டி எம் மானத்த வாங்கிப்போட்டீங்களே!"

"அதே பட்டுத்தானுங்க அக்கா. சரிகையும் அதேதானுங்க."

"பட்ட ஆருங்க பாக்கறாங்க? என்ன வெலைன்னுதானுங்க கேக்கறாங்க!"

அப்போதுதான் தனபாலுக்கு உறைத்தது. துண்டு வாங்குகிறவருக்கு விலை என்பது செலவு, குறைந்தால் சந்தோஷம். இந்தப் பட்டை வாங்குகிறவர்களோ விலையையும் சேர்த்தே வாங்குகிறார்கள். எல்லோராலும் முடியாது என்பதுதான் அதன் பெருமை. விலை ஏறினால் ஆசை ஏறும், இறங்கினால் ஆசையும் போய்விடும். போர்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஒன்றரை லட்சம் என்றார். யார் நம்புவார்கள்? தேங்கிய ஆறு சேலைகளையும் கோவையில் ஒரு பெரிய கடைக்கு அறுபதாயிரம் வீதம் தள்ளிவிட்டார்.

ஆவணியில் கனிஷ்காவுக்கு அன்னூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா அரங்கசாமி தங்கமான மனிதர். பட்டு எடுக்கும் பேச்சு வந்ததும் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. உங்க கடைன்னா, ஆடித் தள்ளுபடிச் சேலையான்னு எங்க சனம் கேக்குமுங்க. கோயமுத்தூர்லயே எடுத்துப்போடலாமுங்க."

"உங்க இஷ்டமுங்க" என்றார் தனபால். எந்த முகத்தோடு மறுப்பார்?

இரண்டு வேன் நிறையச் சொந்தபந்தம் கோவைக்குப் போனது. கடைக்காரர் விரித்துப்போட்ட மூன்றாவது சேலையைப் பார்த்ததும் தனபால் குனிந்து மடிப்பைப் புரட்டினார். அரக்கு உடல், மயில் கரை, மடிப்போரத்தில் அவரே பென்சிலால் போட்ட சின்னப் புள்ளி. விலைச் சீட்டில் இரண்டு லட்சம்.

"இதுதானுங்க!" என்றார் அரங்கசாமி. சனம் மொத்தமும் தலையாட்டியது.

முகூர்த்தத்தன்று கனிஷ்கா அந்தப் பட்டில் அப்படி இருந்தாள்! தனபால் ஓரமாக நின்று பார்த்தார். தன் கடைச் சேலைதான், ஆனால் தன் கடைச் சேலை என்று ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் குனிந்து கேட்டார்:

"சேலை என்ன வெலைங்க?"

அறுபதாயிரம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. தனபால் அதைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

"ரெண்டு லட்சமுங்க" என்றார்.