வெள்ளையைப் போடு, ரோஸை விடு

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு; உடன் வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் ‘பீரோ’. வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே, மின்தூக்கி இல்லாத கட்டடம் ஒன்றின் நான்காம் மாடிக்கு ஓர் இரும்புப் பீரோவைத் தனி ஒருவராக முதுகில் சுமந்து ஏறினாராம். அன்று முதல் மேஸ்திரி தொட்டு வண்டி ஓட்டுநர் வரைக்கும் அவர் பீரோதான். பெயரைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

படிக்கட்டில் கனமான சாமானை ஏற்றும்போது மேல் முனையை ஒருவரும் கீழ் முனையை ஒருவரும் பிடிப்பார்கள். எடை முழுவதும் கீழே நிற்பவர் மேல்தான் இறங்கும். அந்தக் கீழ் முனை பல ஆண்டுகளாக அவருக்கே உரியது. வேறொருவர் கை வைத்தால், “தள்ளு தள்ளு, உனக்கு இன்னும் முதுகு முளைக்கல” என்பார். அவருடைய செருக்கு முழுவதும் அந்த ஒரு முனையில் இருந்தது.

அப்படிப்பட்டவருக்கு அடிவயிற்றின் வலப்புறத்தில் எலுமிச்சை அளவில் ஒரு புடைப்பு வந்தது. குடலிறக்கம் என்றார்கள், அறுவைச் சிகிச்சை செய்யாமல் எடை தூக்கக் கூடாது என்றார்கள். மேஸ்திரி நல்லவர். கோடை விடுமுறையில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று கட்டடம் மாறப்போவதாகவும், அதற்குள் உடம்பைச் சரிசெய்துகொண்டு வந்தால் கீழ் முனை அவருக்கே என்றும் சொன்னார். வராவிட்டால் என்னவாகும் என்பதை அவர் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. கழுத்துத் தடித்த புதியவன் ஒருவன் ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

பீரோவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. நாள்தோறும் காலையில் இரண்டு மாத்திரைகள்: ஒன்று வெள்ளை, மற்றொன்று ரோஸ். அட்டையோடு சட்டைப்பையில் வைத்தால் சாமான் தூக்கும்போது நசுங்கிவிடுகிறது என்று, கட்டில் பிரிக்கும்போது கழற்றுகிற திருகாணிகளைப் போட்டுவைக்கும் சிறு தகரப்பெட்டிகளில் ஒன்றை எடுத்துக் கழுவி, வாங்கியவுடனே மாத்திரைகளை அட்டையிலிருந்து உதிர்த்து அதில் போட்டுவிடுவார். அட்டைகள் குப்பைக்குப் போகும். அந்தப் பெட்டியைக் குலுக்கிக் காட்டி, “என் ஆயுசு எப்படிச் சத்தம் போடுது பாத்தியா” என்று மனைவியைச் சீண்டுவதும் உண்டு.

அறுவைக்குக் குறித்த முதல் தேதிக்கு முந்தைய நாள், மருத்துவமனை வார்டில் ஒருவர், நள்ளிரவுக்கு மேல் வாயில் ஒன்றுமே படக்கூடாது என்று சொல்லியனுப்பினார். மனைவி, பிறர் சொன்ன சொல்லைச் சொன்னபடி காப்பவர். காலையில் கணவர் பல் துலக்கி வாய் கொப்பளித்தபோதுகூட அருகில் நின்று, விழுங்கிவிடாமல் பார்த்துக்கொண்டார். மாத்திரைப் பெட்டியைத் தன் கைப்பைக்குள் போட்டு மூடிவிட்டார். ஒன்றுமே என்றால் ஒன்றுமேதான்.

அறுவை அரங்கிற்கு வெளியே இருந்த அறையில் மயக்க மருத்துவர் பீரோவின் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். ஐம்பது வயதைக் கடந்த அம்மையார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பேசுகிற வழக்கம் உடையவர். எண்ணைப் பார்த்தார், கால் மணி நேரம் பொறுத்து மறு கையில் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்று நான்கு, நூற்றுப் பதினான்கு.

“காலையில பிரஷர் மாத்திரை போட்டீங்களா?”

“ஒண்ணுமே கூடாதுன்னாங்களே டாக்டர்” என்றார் மனைவி, பாராட்டை எதிர்பார்த்த குரலில்.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். சோறும் பாலும்தான் கூடாது. மாத்திரையை இரண்டு மிடறு தண்ணீரோடு விழுங்குவதில் தவறில்லை என்றும், அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்றும் பொதுவாக அறையைப் பார்த்துச் சொன்னார். அவசரமில்லாத அறுவையென்றால், நூற்றெண்பதுக்கும் நூற்றுப்பத்துக்கும் மேலே நிற்கிற அழுத்தத்தோடு மயக்க மருந்து கொடுப்பதில்லை. கொடுத்தால் அழுத்தம் ஒரு நேரம் சரிந்து விழும், ஒரு நேரம் எகிறும். அந்த ஊசலாட்டத்தை இதயமும் மூளையும்தான் தாங்கவேண்டியிருக்கும்.

“ஒரு ஊசியப் போட்டு இறக்கிடுங்களேன்” என்று பீரோ கெஞ்சினார்.

“சட்டுன்னு இறக்கினா ஆபத்துங்க. உங்க உடம்பு இவ்வளவு நாளா உயரத்துக்குப் பழகியிருக்கு.”

மாடியிலிருந்து பீரோவைத் தள்ளிவிட்டு இறக்குவதில்லை என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்ததனால் அறுவையை வேறொரு தேதிக்குத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவிக்கு நாலடி முன்னால் நடந்தார். விதியைக் காப்பாற்றியதற்கே தண்டனையா என்ற பொருமல் மனைவிக்கு.

அடுத்து வந்த வாரங்களில் மாத்திரையைத் தவறாமல் போட்டு, உப்பைக் குறைத்து, அழுத்தம் ஓரளவு இறங்கியது. மயக்க மருத்துவரின் புறநோயாளர் அறைக்குச் சென்று, இம்முறை தாமே முன்வந்து கேட்டார்: அன்று காலை எதைப் போடுவது, எதை விடுவது? எந்தெந்த மருந்து என்று அவர் திருப்பிக் கேட்டபோது பீரோ தகரப்பெட்டியைத் திறந்து நீட்டினார். மருத்துவர் பழைய சீட்டையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்து, எந்த நிறம் எந்த மருந்து என்று ஒப்பிட்டுக்கொண்டார்.

“இந்த வெள்ளை, இதயத்துடிப்ப அடக்கி வைக்கிற மாத்திரை. இத எக்காரணத்துக்கும் விடாதீங்க. திடீர்னு விட்டா துடிப்பு துள்ளும். ரெண்டு மிடறு தண்ணியில போட்டுக்கிட்டு வாங்க. இந்த ரோஸ் வேற வகை. காலையில அதப் போட்டுட்டு வந்தா, மயக்கம் கொடுத்ததும் பிரஷர் கீழ போயிடும், மருந்து கொடுத்தாலும் லேசுல ஏறாது. அதனால அன்னிக்கு மட்டும் வேண்டாம். ஆபரேஷனுக்கு அப்புறம் எப்ப ஆரம்பிக்கிறதுன்னு நான் சொல்றேன்.”

வெள்ளையைப் போடு, ரோஸை விடு. மனைவி அதைச் செபம்போல் சொல்லிக்கொண்டே வந்தார். பீரோவும் சொன்னார். வண்டி ஓட்டுநருக்குக்கூட அது மனப்பாடமாகிவிட்டது, கைப்பேசியில் அழைத்தால் ‘வணக்கம்’ என்பதற்குப் பதிலாக, “வெள்ளையப் போடு!” என்பார்.

இடையில் பெட்டி காலியானது. வழக்கமான மருந்துக்கடையில் வழக்கமான நிறுவனத்தின் சரக்கு இல்லை. அதே மருந்துதான், நிறுவனம்தான் வேறு என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மை; அதில் ஒரு குறையும் காணமுடியாது. பீரோ அங்கேயே நின்று, வழக்கம்போல இரண்டு அட்டைகளையும் உதிர்த்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வந்தார். பெட்டியில் முன்போலவே ஒரு வெள்ளை வகை, ஒரு ரோஸ் வகை. நாள்தோறும் இரண்டையும் சேர்த்தே விழுங்கியதால் எது எதுவானால் என்ன?

அறுவைக்கு இரண்டாம் முறை குறித்த தேதியன்று காலை, மனைவி பெட்டியைத் திறந்து வெள்ளையை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். இரண்டே மிடறு தண்ணீர். ரோஸைத் தொடவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு அது.

அதே அறை, அதே பட்டை. துடிப்பு நூற்றுப் பதினெட்டு. அழுத்தம் நூற்றெண்பத்திரண்டு, நூற்றுப் பன்னிரண்டு.

“வெள்ளையப் போட்டோம் டாக்டர், ரோஸ விட்டோம்” என்று மனைவி முந்திக்கொண்டார்.

மருத்துவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பெட்டியைக் கேட்டு வாங்கினார். ஒரு மாத்திரையை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “இது நான் பாத்த வெள்ளை இல்லையே, அட்டை எங்க?” என்றார்.

அட்டை இல்லை. மனைவி மருந்துக்கடையைக் கைப்பேசியில் அழைத்தார். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார்: புதிய நிறுவனத்தில் துடிப்பை அடக்கும் மாத்திரை ரோஸ், மற்றொன்று வெள்ளை.

விடவேண்டியதைப் போட்டு, போடவேண்டியதை விட்டிருக்கிறார்கள். சொன்ன சொல்லில் ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை. தவறாமல் நடந்ததே இந்த அலங்கோலத்திற்குக் காரணமாகிவிட்டது. பீரோவுக்கு யார்மீது கோபப்படுவதென்றே தெரியவில்லை. கடைக்காரர்மீதா, மருத்துவர்மீதா, மனைவிமீதா? கடைசியில் தகரப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். அது மூட மறுத்து வளைந்தது.

மருத்துவர் திட்டவில்லை. “நிறத்தச் சொல்லி அனுப்பினது என் தப்பும்தான்” என்று முணுமுணுத்துவிட்டு, விட்டுப்போன மாத்திரையை அப்போதே கொடுக்கச் சொன்னார். மதியம் மறுபடி பார்க்கலாம். அழுத்தம் இறங்கினால், அறுவையின்போது வரக்கூடிய சரிவைத் தூக்கி நிறுத்தும் மருந்துகளைக் கையருகில் வைத்துக்கொண்டு செய்யலாம். ஆனால் அன்றைய அறுவைப் பட்டியலில் முதலாமவராக இருந்தவர் இப்போது கடைசி.

பீரோ அசையாமல் படுத்திருந்தார். அசைந்தால் எண் ஏறிவிடுமோ என்று அஞ்சியவர்போல இருந்தார். மதியம் துடிப்பு எண்பத்து நான்கு. அழுத்தம் நூற்று அறுபத்தெட்டு, தொண்ணூற்றெட்டு. போதும் என்றார் மருத்துவர். மனைவி சுவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

ஆனால், அவருக்கு முன்னால் உள்ளே போனவரின் வயிற்றில் எதிர்பாராத சிக்கல். ஒரு மணி நேர வேலை நான்கு மணி நேரமாக நீண்டது. மாலையில் செவிலியர் வந்து, இன்றைக்கு அரங்கை மூடிவிட்டார்கள் என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. அதுவே பீரோவுக்குத் தாங்கவில்லை.

“பிரஷரும் இறங்கிடுச்சு, நானும் இறங்கறேன்” என்று கட்டிலைவிட்டு இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை குறித்த தேதி, பள்ளிக்கூடம் மாறுகிற வாரத்தில் விழுந்தது. அன்று காலை மேசைமீது இரண்டு அட்டைகள் முழுசாகக் கிடந்தன. மருத்துவர் இம்முறை மருந்துகளின் பெயர்களையே சொல்லிக்கொடுத்திருந்தார். மனைவி அட்டையின் பின்புறத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பீரோ வாங்கி மறுபடி படித்தார். இரண்டு மிடறு தண்ணீரில் ஒன்றை விழுங்கினார். மற்றொன்றை மனைவி அட்டையோடு எடுத்துக் கைப்பையில் பூட்டினார்.

நூற்று நாற்பத்தாறு, எண்பத்தெட்டு. மருத்துவர் எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டு, “வாங்க, உள்ள போவோம்” என்றார். அவ்வளவுதான். இத்தனை மாதங்களாக இழுத்தடித்த வேலை, அவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்திருந்தது. விட்டுவைத்த மாத்திரையை, மறுநாள் அழுத்தத்தைப் பார்த்தபின் மருத்துவரே மறுபடி தொடங்கிவைத்தார்.

எடை தூக்கலாம் என்று அனுமதி கிடைத்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, பள்ளிக்கூடம் புதுக் கட்டடத்தில் மணியடித்துக்கொண்டிருந்தது. அதன் மேசைகளையும் அலமாரிகளையும் கீழ் முனையில் நின்று ஏற்றியவன், கழுத்துத் தடித்த புதியவன்.

முதல் நாள் வேலை மூன்றாம் மாடிக்கு. ஓர் இரும்புப் பீரோ. அவர் பழக்கத்தில் கீழே போய் நின்றார். மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“பீரோ அண்ணே, நீங்க இந்தத் தடவ மேல் முனையப் பிடிங்களேன். உடம்பு இப்பதானே...”

புதியவன் தரையைப் பார்த்தான். பீரோ கீழ் முனையை அவனுக்கு விட்டார். படிக்கட்டில் ஏறி நின்று, மேல் முனையைப் பிடிக்கக் குனிந்தார். சட்டைப்பையில் மாத்திரை அட்டை நசுங்கி மொறுமொறுத்தது.

“ஏய், பாத்துப் பிடி” என்றார் கீழே பார்த்து. “அவசரப்படாத. மெதுவா.”